முடித்த படத்தைப் பிரித்துத் தைக்கும் நாள்: ஆவண மாஸ்டருக்கான இடைநிலை வடிவம்

"மாஸ்டரை ஹை குவாலிட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லாத வீடியோ தயாரிப்புக் குழு இல்லை. அந்த மாஸ்டர் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டால், இணையத்தில் ஏற்றிய எம்பி4 கோப்பைக் காட்டுபவர்கள் உண்டு, கேமராவிலிருந்து இறக்கிய மூலக் கோப்புகளைக் காட்டுபவர்களும் உண்டு, எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட் கோப்பையே காட்டுபவர்களும் உண்டு. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை. முடிந்துபோன ஒரு படத்தைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து, வெட்டி, நிறம் மாற்றி, மீண்டும் வெளியிட வேண்டுமானால் நான்காவதாக ஒரு கோப்பு தேவைப்படுகிறது. அதை இடைநிலை வடிவத்தில் எடுத்த மாஸ்டர் என்பார்கள். கேமரா மூலத்துக்கும் பார்வையாளரின் கையில் சேரும் பிரதிக்கும் இடையில் நிற்பதால் அந்தப் பெயர். தொழிலில் மெசனைன் என்ற சொல்லும் இதற்கு வழங்குகிறது.

அந்த வடிவத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, சாதாரண எச்டி அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும், 52 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தக் கட்டுரை விளக்குகிறது. கணக்குகள் எல்லாம் அந்த ஒரே படத்துக்கானவை.

## சட்டைக்குள் விட்டுத் தைத்த துணி

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தையற்காரர், தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டுத் தைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அப்படித் துணி விட்ட சட்டையையும் விடாத சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்தாலும் வேறுபாடு கண்ணுக்குப் படாது. அடுத்த ஆண்டு பிரித்துப் பெரிதாக்க வேண்டிய நாளில்தான் ஒன்று கைகொடுக்கும், மற்றொன்று கிழியும்.

மாஸ்டர் கோப்பிலும் நடப்பது இதுவே. இணையத்தில் ஏற்றுவதற்காகச் சுருக்கிய கோப்பும், இடைநிலை வடிவத்தில் எடுத்த கோப்பும் திரையில் ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்" என்ற முடிவு இந்த ஒற்றுமையிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் விநியோகப் பிரதியைச் செய்யும் மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத தகவலைத் தேடித் தேடி வெட்டி எறிவதற்காகவே எழுதப்பட்டது. உள்ளே விட்ட துணியை அது முதலில் வெட்டிவிடும். பின்னாளில் நிறம் மாற்றும்போது நமக்கு வேண்டியிருப்பது அந்தத் துணிதான்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கோடெக் என்பது படத்தைச் சுருக்கி எழுதும், பிறகு விரித்துப் படிக்கும் முறை. கன்டெய்னர் என்பது அப்படி எழுதப்பட்ட படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் போட்டுவைக்கும் உறை. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் `.mp4`, `.mov`, `.mxf` ஆகியவை உறையின் பெயர்கள். ஒரே `.mov` உறைக்குள் மிகக் கடுமையாகச் சுருக்கிய படமும் இருக்கலாம், சுருக்கவே படாத படமும் இருக்கலாம். ஆகவே "மூவ் கோப்பாக வைத்திருக்கிறோம்" என்ற பதிலிலிருந்து தரத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

## தாங்குதிறன் எங்கே இருக்கிறது

ஒரு மாஸ்டர் மறுபடியும் எடிட் செய்யப்படுவதைத் தாங்குமா என்பதைப் பெரும்பாலும் மூன்று பண்புகள் தீர்மானிக்கின்றன. பலரும் பிட்ரேட்டை மட்டுமே கேட்கிறார்கள். பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தகவல் செலவாகிறது என்ற அளவு. கோடெக் மாறும்போது அந்த எண்ணின் பொருளும் மாறிவிடுகிறது. எனவே முதலில் பண்புகளைப் பார்ப்போம், எண் பிறகு தானாக வரும்.

### ஒவ்வொரு ஃபிரேமும் தன் காலில் நிற்பது

ஒரு வரவுசெலவு நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் எல்லா வரிகளும் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் "முன்பக்கம் போலவே, மூன்றாம் வரி மட்டும் மாறுகிறது" என்று இருக்கிறது. மூன்றாம் பக்கத்திலும் அப்படியே. ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறைதான் மீண்டும் முழுப் பக்கம். காகிதம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் முப்பத்தேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் இருபதாம் பக்கத்தைக் கிழித்தால் அதற்குப் பின்னால் உள்ளவை பொருளற்றுப்போகும்.

எச்.264 என்ற கோடெக்கில் சுருக்கி இணையத்தில் ஏற்றும் கோப்புகள் வழக்கமாக இப்படித்தான் எழுதப்படுகின்றன. முழுப் பக்கம் ஒன்றும் அதைச் சார்ந்து நிற்கும் பக்கங்களும் சேர்ந்த கூட்டத்தை ஜிஓபி என்பார்கள். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் நம் படத்தில் ஜிஓபியின் நீளம் 50 என்றால், இரண்டு நொடிக்கு ஒரு ஃபிரேம்தான் முழுமையாக இருக்கிறது. அதில் நடுவே ஒரு வெட்டு வைத்து வேறு காட்சியைச் செருகினால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஃபிரேம்களையாவது விரித்து மறுபடி சுருக்கியே ஆக வேண்டும். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் அந்த இடத்தோடு நிற்காமல் படம் முழுவதையும் மறுபடி சுருக்குகின்றன.

இடைநிலைக் கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக, பக்கத்து ஃபிரேமைப் பார்க்காமல் சுருக்கப்படுகிறது. இதை இன்ட்ரா ஃபிரேம் முறை என்பார்கள். எந்த ஃபிரேமிலும் வெட்டலாம். வட்டில் ஓரிடத்தில் பழுது ஏற்பட்டால் அந்த ஃபிரேம்தான் பெரும்பாலும் கெடும், அடுத்தது பிழைத்துக்கொள்ளும். மென்பொருள் இடம் கொடுத்தால், கை வைக்காத ஃபிரேம்களைச் சுருக்காமல் அப்படியே புதிய கோப்புக்கு நகர்த்தவும் முடியும். 52 நிமிடப் படத்தில் மாறப்போவது கடைசி 40 நொடி எழுத்துப் பலகை மட்டும் என்றால், மற்ற 51 நிமிடமும் 20 நொடியும் ஒரு எழுத்துப் பிசகாமல் பழைய மாஸ்டராகவே இருக்கும்.

### அளவுகோலில் உள்ள கோடுகள்

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட அளவுகோலையும், அதையே நான்காகப் பிரித்துக் கோடு போட்ட அளவுகோலையும் ஒப்பிட்டால், இரண்டின் நீளமும் ஒன்றுதான். நடுவிலுள்ள அளவுகளைக் குறிக்கும் திறன்தான் வேறு. படத்தின் வெளிச்சத்தைக் குறிக்கும் அளவுகோலில் எத்தனை கோடுகள் என்பதே பிட் ஆழம். 8 பிட்டில் 256 படிகள், 10 பிட்டில் 1024 படிகள். அதாவது 8 பிட்டின் ஒவ்வொரு படிக்கும் இடையில் 10 பிட் நான்கு படிகளை வைக்கிறது.

நம் ஆவணப்படத்தில் அந்தி நேர ஆற்றங்கரைக் காட்சி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலேயிருந்து 600 வரி வரை வானம்; அதன் வெளிச்சம் 8 பிட் அளவில் 60-இலிருந்து 80 வரை மெதுவாக ஏறுகிறது. ஏறுவதற்கு இருப்பவை 20 படிகள்தான், ஆகவே ஒவ்வொரு படியும் 30 வரி உயரமுள்ள பட்டையாக விழுகிறது. பக்கத்துப் பட்டைகளுக்கிடையே வேறுபாடு ஒரே ஒரு படி என்பதால் முதல் பார்வையில் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். மூன்று ஆண்டு கழித்து யாரோ "வானம் மங்கலாக இருக்கிறது, கான்ட்ராஸ்ட்டை இரட்டிப்பாக்குங்கள்" என்கிறார்கள். இரட்டிப்பாக்கியதும் ஒவ்வொரு பட்டைக்கும் இடையில் இரண்டு படி இடைவெளி விழுகிறது, வானத்தில் படிக்கட்டு போல் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. இதைத்தான் பேண்டிங் என்கிறார்கள்.

அதே வானம் 10 பிட்டில் இருந்தால் 80 படிகள், ஒவ்வொன்றும் ஏழரை வரி உயரம். கான்ட்ராஸ்ட்டை இரட்டிப்பாக்கிய பிறகும் பக்கத்துப் பட்டைகளுக்கிடையிலான வேறுபாடு 8 பிட்டின் அரைப் படிதான். கண்ணுக்குச் சிக்காது.

"எங்கள் கேமராவே 8 பிட்தான், பிறகு 10 பிட் மாஸ்டர் எதற்கு?" என்று இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கேமரா தராத நுணுக்கத்தை எந்த மாஸ்டரும் உண்டாக்கித் தராது என்பது சரி. ஆனால் டைம்லைனில் நீங்கள் நிறத்தைத் திருத்தும்போதும், ஒரு காட்சி மங்கி மற்றொன்று எழும்போதும், எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும்போதும், பழைய படிகளுக்கிடையில் புதிய மதிப்புகள் கணக்கிடப்படுகின்றன. நல்ல மென்பொருள் அவற்றை 8 பிட்டைவிட நுணுக்கமாகவே கணக்கிடுகிறது. 8 பிட்டில் வெளியே எடுத்தால் அந்த உழைப்பு முழுவதும் அருகிலிருக்கும் கோட்டுக்கு உருட்டப்பட்டு வீணாகிறது.

### கோட்டோவியமும் அதன் மேல் வண்ணமும்

நம் கண், வெளிச்சத்தின் விளிம்புகளைக் கூர்மையாகவும் நிறத்தின் விளிம்புகளைச் சற்று மழுங்கலாகவும் பார்க்கிறது. இதைப் பயன்படுத்தி, வெளிச்சத்தை மெல்லிய பென்சிலாலும் நிறத்தைப் பருத்த தூரிகையாலும் எழுதுவது போல் படம் சேமிக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு நிற மாதிரிக் குறைப்பு என்று பெயர். 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில், 4:4:4 என்றால் நிறமும் அதே முழு அளவில் இருக்கிறது. 4:2:2 என்றால் நிறம் அகலத்தில் பாதியாகி 960-க்கு 1080 ஆகிறது. 4:2:0 என்றால் உயரத்திலும் பாதியாகி 960-க்கு 540, அதாவது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

விநியோகப் பிரதிகள் பெரும்பாலும் 4:2:0. வெறுமனே பார்ப்பதற்கு அது போதும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரும் ஒரு ஃபிரேமை நிறுத்தி நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் நிறம் கட்டம் கட்டமாகக் கசிந்திருப்பது தெரியும். பின்னாளில் அகலப் படத்திலிருந்து செங்குத்துப் பதிப்பு வெட்டி எடுத்தால், அந்தக் கசிவும் படத்தோடு சேர்ந்து பெரிதாகும். மாஸ்டருக்கு 4:2:2-ஐக் குறைந்தபட்சமாக வைப்பதே என் பரிந்துரை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்க வேண்டும், வெளிச்சம் 10 பிட்டில் இருக்க வேண்டும், நிறம் 4:2:2-க்குக் குறையக் கூடாது. இந்த மூன்றும் ஒரு கோப்பில் சேர்ந்துவிட்டால் பிட்ரேட் தானாகவே உயர்ந்துவிடும். பிட்ரேட்டை மட்டும் உயர்த்தினால் இந்த மூன்றும் வந்து சேராது. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தாலும் 8 பிட் 4:2:0 கோப்பு 8 பிட் 4:2:0 கோப்புதான்.

## நடைமுறையில் எந்தக் கோடெக்

அன்றாடத் தொழிலில் இரண்டு குடும்பங்களே அதிகம் புழங்குகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த புரோரெஸ் ஒன்று. அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ் மற்றொன்று. பின்னதில் எச்டி அளவுக்கான டிஎன்எக்ஸ்எச்டி 2004-இலும், எந்த அளவுக்கும் பொருந்தும் டிஎன்எக்ஸ்எச்ஆர் அதற்குப் பத்தாண்டுகள் கழித்தும் வந்தன. இரண்டுமே இன்ட்ரா ஃபிரேம் முறையில் இயங்குபவை. தரத்தில் ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று வாதிடுவதில் பயன் இல்லை. உங்கள் மென்பொருளும், நாளை இதைத் திறக்கப்போகிறவரின் மென்பொருளும் எதைச் சிரமமின்றி எழுதிப் படிக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை நம்பி ஏமாறும் ஓர் இடம் மட்டும் இருக்கிறது. புரோரெஸ் குடும்பத்தில் `ProRes 422 HQ` என்பது 10 பிட், 4:2:2. டிஎன்எக்ஸ்எச்ஆர் குடும்பத்தில் `DNxHR HQ` என்று பட்டியலில் தெரிவது 4:2:2 தான், ஆனால் 8 பிட். இரண்டிலும் எச்கியூ என்ற ஒரே எழுத்துகள் இருப்பதால் இணையானவை என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். 10 பிட் வேண்டுமானால் தேர்ந்தெடுக்க வேண்டியது `DNxHR HQX`. ஓர் எழுத்து வேறுபாட்டில் நாலில் மூன்று பங்கு படிகள் போய்விடுகின்றன, எக்ஸ்போர்ட் முடியும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

இப்போது நம் 52 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போடலாம். எச்டி அளவில் நொடிக்கு 25 ஃபிரேமுக்கு, புரோரெஸ் 422 எச்கியூ நொடிக்கு 184 மெகாபிட்டை இலக்காகக் கொள்கிறது. 52 நிமிடம் என்பது 3,120 நொடி. பெருக்கி எட்டால் வகுத்தால் சுமார் 72 ஜிபி வருகிறது. ஒரு படி கீழே உள்ள சாதாரண புரோரெஸ் 422, நொடிக்கு 122 மெகாபிட், சுமார் 48 ஜிபி. சுருக்கவே செய்யாமல் 10 பிட் 4:2:2-ஆக எழுதினால் சுமார் 404 ஜிபி. நொடிக்கு 12 மெகாபிட் எச்.264 விநியோகப் பிரதியோ ஐந்து ஜிபிக்கும் குறைவு.

இந்த நான்கு எண்களில் நான் 72-ஐ எடுப்பேன். 404-இலிருந்து 72-க்கு வரும்போது கோப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது, இழப்போ அளவுக்கருவியில் தெரியுமே தவிரக் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. இரண்டு மூன்று முறை மறுபடி சுருக்கினாலும் தாங்குகிறது. 72-இலிருந்து 48-க்கு இறங்கினால் மிச்சமாவது 24 ஜிபி. அமைதியான, இரைச்சல் இல்லாத காட்சிகளுக்கு 48-உம் போதும்தான். ஆனால் இரவில் எடுத்த, புள்ளிப்புள்ளியாக இரைச்சல் நிறைந்த காட்சிகள், இலைகள் அசையும் மரங்கள், நீர்ப்பரப்பு ஆகியவை வரும் இடங்களில் கூடுதல் இடம் உதவுகிறது. ஆவணப்படத்தில் இவை எங்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எழுத்துகளையும் வரைகலைகளையும் பின்னணி ஊடுருவித் தெரியும்படி தனியாகச் சேமிக்க வேண்டுமானால் அந்தத் துண்டுகளுக்கு மட்டும் புரோரெஸ் 4444 எடுக்கலாம். ஊடுருவல் தகவலைச் சுமக்கும் இடம் அதில் இருக்கிறது, 422 வகைகளில் இல்லை. படம் முழுவதையும் அதில் எடுப்பது சாதாரண எச்டி ஆவணப்படத்துக்குத் தேவைப்படாது. வெளிச்சத்தின் வீச்சு அதிகமுள்ள எச்டிஆர் முறையில் நிறம் திருத்திய படம் என்றால் நிலைமை வேறு, அங்கே 12 பிட் வரை போகும் 4444 தன் இடத்தை நியாயப்படுத்துகிறது.

### இழப்பே இல்லாத வழி

சுருக்கினாலும் ஒரு புள்ளிகூட மாறாமல் திரும்பத் தரும் கோடெக்குகளும் உண்டு. ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் எஃப்எஃப்வி1 அவற்றில் ஒன்று. அதன் முழு விவரிப்பு 2021-இல் ஆர்எஃப்சி 9043 என்ற பொது ஆவணமாக வெளியானது. பழைய நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றி நீண்ட காலம் பாதுகாக்க வேண்டியவர்களுக்கு அது பொருத்தமானது. நம் தேவைக்கு அதில் இரண்டு சிரமங்கள் இருக்கின்றன. கோப்பின் அளவு காட்சியைப் பொறுத்துப் பெரிதும் மாறும், புரோரெஸைவிடப் பல மடங்கு பெரிதாகவும் வரலாம். பல எடிட்டிங் மென்பொருள்கள் அதை டைம்லைனில் நேரடியாகத் திறப்பதுமில்லை. மறுபடி எடிட் செய்வதே நோக்கம் என்றால் திறந்தவுடன் ஓடும் கோப்புக்கு முன்னுரிமை தர வேண்டும்.

ஏற்கெனவே புரோரெஸில் எடுத்த மாஸ்டரை எஃப்எஃப்வி1-க்கு மாற்றி "இழப்பில்லா மாஸ்டர்" என்று பெயரிடுவதையும் பார்த்திருக்கிறேன். புரோரெஸ் விட்டுவிட்டதை அது மீட்காது; கோப்பின் எடைதான் கூடும்.

### பத்தாண்டு கழித்துத் திறக்குமா

ஒரு கோடெக்கின் ஆயுளை, அதை உருவாக்கிய நிறுவனத்தைத் தாண்டி எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பதை வைத்துக் கணிக்கலாம். புரோரெஸின் கட்டமைப்பு 2015-இல், திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் எஸ்எம்பிடிஇ அமைப்பின் ஆர்டிடி 36 என்ற ஆவணமாக வெளியிடப்பட்டது. டிஎன்எக்ஸ், விசி-3 என்ற பெயரில் அதே அமைப்பின் தரமாகவே இருக்கிறது. இரண்டையும் எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூலக் கருவி படிக்கிறது. ஆகவே இன்றைய எடிட்டிங் மென்பொருள் நாளை மறைந்தாலும் கோப்பு ஊமையாகிவிடாது. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் கடைசிக் கேள்வி இதுதான்: இதன் விவரிப்பு அச்சில் இருக்கிறதா, அதைப் படிக்கும் திறந்த மூலக் கருவி ஒன்றாவது இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், எவ்வளவு அழகான படம் தந்தாலும், அதில் ஆவணம் வைக்க மாட்டேன்.

## திரும்பிப் போக முடியாத வரிசை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணப்படம் என் கைக்கு வந்தது. கடைசிப் பலகையில் ஒருவருடைய பெயரைத் திருத்த வேண்டும், அந்திக் காட்சி ஒன்றில் இருட்டைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்க வேண்டும், 26 நிமிடச் சிறு பதிப்பு ஒன்று வேண்டும். மூன்றும் சின்ன வேலைகள். புராஜெக்ட் கோப்பு இருந்தது, ஆனால் அது கேட்ட எழுத்துருவும் நிறத்திருத்தச் செருகுநிரலும் இல்லை, கேமரா மூலம் இருந்த வட்டும் செயலிழந்திருந்தது. மிஞ்சியது "மாஸ்டர்" என்ற பெயர் கொண்ட புரோரெஸ் கோப்பு ஒன்று. எழுபது ஜிபிக்கு மேல் இருந்ததால் நிம்மதியாக இருந்தது.

அந்திக் காட்சியில் இருட்டைத் தூக்கியதும், பேசுபவரின் தலைமுடியிலும் கறுப்பு மேலாடையிலும் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் எழுந்தன. அவை புரோரெஸின் குணம் இல்லை. பிட்ரேட் பற்றாமல் சுருக்கிய எச்.264-இன் கைரேகை. விசாரித்தபோது நடந்தது புரிந்தது. எடிட் முடிந்ததும் இணையப் பிரதியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஆவணத்துக்கு புரோரெஸ் வேண்டும் என்று சொன்னபோது, டைம்லைனைத் திறக்காமல் அந்த இணையப் பிரதியையே புரோரெஸாக மாற்றி வைத்துவிட்டார்கள். உள்துணியை வெட்டிய சட்டையைப் பெரிய பெட்டியில் மடித்து வைத்தது போல் ஆயிற்று.

ஆகவே வரிசை முக்கியம். நிறத்திருத்தம் முடிந்த டைம்லைனிலிருந்து நேராக இடைநிலை மாஸ்டர் எடுக்கப்பட வேண்டும். இணையப் பிரதி, ஒளிபரப்புப் பிரதி எல்லாம் அந்த மாஸ்டரிலிருந்து பிறக்க வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றினால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: விநியோகப் பிரதியை முழுதாகப் பார்க்கும்போதே மாஸ்டரையும் சோதித்துவிடுகிறீர்கள். மாஸ்டரில் ஒரு ஃபிரேம் கறுப்பாக விழுந்திருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

கோப்பின் இன்றைய வடிவத்தை, எஃப்எஃப்எம்பெக்கோடு சேர்ந்து வரும் ffprobe என்ற கட்டளையால் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 \
 -show_entries stream=codec_name,profile,pix_fmt,r_frame_rate \
 -of default=nw=1 master.mov
```

நம் மாஸ்டர் சரியாக இருந்தால் இப்படி வரும்:

```
codec_name=prores
profile=HQ
pix_fmt=yuv422p10le
r_frame_rate=25/1
```

மூன்றாவது வரியில் `422` என்பது நிற மாதிரிக் குறைப்பு, `10` என்பது பிட் ஆழம். அங்கே `yuv420p` என்று வந்தால் அது 8 பிட் 4:2:0. இந்தக் கட்டளை படத்தின் கோடெக்கையும் அது எழுதப்பட்டிருக்கும் வடிவத்தையும் மட்டுமே சொல்லும்; அதன் பூர்வீகத்தைச் சொல்லாது. மேலே சொன்ன ஆவணப்படமும் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். பூர்வீகத்தை அறிய, படத்திலேயே மிக இருண்ட காட்சியையும் வானம் போன்ற மென்மையான சரிவுள்ள காட்சியையும் எடுத்து, இருட்டைத் தாராளமாகத் தூக்கி, கட்டங்களும் பட்டைகளும் எழுகின்றனவா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

## கோடெக் காப்பாற்ற முடியாதவை

எவ்வளவு நல்ல வடிவத்தில் எடுத்தாலும், படத்தின் மேல் எழுதப்பட்ட எழுத்து படத்தோடு ஒன்றாகிவிடுகிறது. பேசுபவரின் பெயர் அவருடைய மார்புக்குக் குறுக்கே வந்தால், பின்னாளில் அதைத் திருத்த அதன் அடியிலிருந்த சட்டையின் படம் வேண்டும். அதனால் எழுத்து வரும் எல்லா ஷாட்டுகளையும் எழுத்தில்லாமல் ஒருமுறை எடுத்து, படம் முடிந்த பின் ஒரு நிமிடக் கறுப்பு விட்டு, அதே கோப்பின் வாலில் வரிசையாக ஒட்டிவிடுவது தொழிலில் பழைய வழக்கம். நம் படத்தில் அப்படிப்பட்ட ஷாட்டுகள் சேர்ந்து ஐந்து நிமிடம் வந்தால், கூடுவது ஏழு ஜிபி.

ஒலிக்கும் இதே நியாயம். கலந்து முடித்த ஒலியிலிருந்து பின்னணி இசையை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். 26 நிமிடப் பதிப்புக்குப் படத்தை வெட்டும்போது இசை நடுவில் துண்டாகும். பேச்சு, இசை, மற்ற ஒலிகள் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். இப்படிப் பிரித்த தடங்களை ஸ்டெம் என்பார்கள். முழுக்கலவை இரண்டு தடம், மூன்று ஸ்டெம்கள் ஆறு தடம் என எட்டுத் தடங்களையும் சுருக்காத 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியாக மாஸ்டருக்குள்ளேயே வைக்கலாம். 52 நிமிடத்துக்கு அது நாலு ஜிபியைக்கூடத் தொடாது. இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும் சுதந்திரம் படத்தின் பக்கம் எதிலும் கிடையாது, ஆனாலும் முதலில் விட்டுப்போவது இதுதான்.

ஃபிரேம் வேகத்தையும் படத்தின் அளவையும் பற்றி ஒரு வரி: டைம்லைனில் என்ன இருந்ததோ அதுவே மாஸ்டரில் இருக்கட்டும். எச்டி படத்தை 4கே ஆக்கிச் சேமிப்பதால் விவரம் கூடாது, கோப்புதான் நான்கு மடங்காகும்.

## புராஜெக்ட்டை அழிக்கும் முன் ஓர் ஒத்திகை

வடிவம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று அறிய மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மாஸ்டர் கோப்பை மட்டும், எடிட் நடக்காத வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். அங்கே புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, படத்தின் நடுவில் ஏதாவது ஒரு ஃபிரேமில் வெட்டி, அரை நிமிடத்தை நீக்குங்கள். வாலில் உள்ள எழுத்தில்லா ஷாட் ஒன்றை எடுத்து அதன் இடத்தில் பொருத்தி, புதுப் பெயர் எழுதுங்கள். நிறம் அக்கம்பக்கத்து ஃபிரேம்களோடு பொருந்த வேண்டும், பொருந்தவில்லை என்றால் நிறத்திருத்தத்துக்கு முந்தைய ஷாட்டை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இசை ஸ்டெம்மை மட்டும் மௌனமாக்கிப் பேச்சு முழுமையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். மிக இருண்ட காட்சியில் இருட்டைத் தூக்குங்கள். பிறகு இதை ஓர் எச்.264 பிரதியாக எடுத்து, ஏற்கெனவே வெளியான பிரதியின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, கை வைக்காத காட்சிகளில் வெளிச்சமும் நிறமும் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் பிடிக்கும். இதில் எங்காவது தடுக்கினால், டைம்லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது; அதே மாலையில் மாஸ்டரை மறுபடி எடுத்துவிடலாம்.